கூட்டுறவுச் சங்கத் தீர்ப்பை உறுப்பினருக்குச் சுருக்கி எழுதிக் கொடுப்பது எப்படி: கறவை மாட்டுக் கடன் ஒன்றை வைத்து முழு வழிகாட்டி

சங்கத்தில் வாங்கிய கடன் தவணை தவறினால், சங்கம் நேராக சிவில் கோர்ட்டுக்குப் போவதில்லை. 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவின்படி துணைப்பதிவாளரிடம் தாவா போடும். அவரோ, அவர் நியமிக்கும் நடுவரோ விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். கோர்ட் தீர்ப்பைப் போலவே இதை வைத்தும் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். ஆனால் அந்தத் தாள் உறுப்பினர் கைக்கு வரும்போது அவருக்குப் புரிவது தன் பெயரும் ஒரு தொகையும் மட்டும்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு, சேரன்மகாதேவி, நாங்குநேரி பக்கம் இப்படித் தாளோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "நான் இப்போ எவ்வளவு கட்டணும்?"

அந்தக் கேள்விக்கான பதில் தீர்ப்பில் ஒரே எண்ணாக இருக்காது. ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு வட்டி வீதம், ஒரு செலவுத்தொகை என்று சிதறிக் கிடக்கும். அதையெல்லாம் சேர்த்து இன்றைய தேதிக்கு ஒரு தொகையாக்கி, அது எப்படி வந்தது என்று காட்டி, எந்தத் தேதிக்குள் என்ன செய்யவேண்டும் என்று எழுதுவதுதான் சுருக்கம். தீர்ப்பின் பத்திகளை வரிசையாகச் சின்னதாக்கி எழுதினால் அது சுருக்கம் ஆகாது. உறுப்பினருக்கு அதனால் பயனும் இல்லை.

கணக்கோடு பார்க்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். களக்காடு பக்கத்தில் ஓர் அக்கா. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கறவை மாடு வாங்க மத்திய காலக் கடன் 1,00,000 ரூபாய், 2020 ஆகஸ்டில் வாங்கியிருக்கிறார். ஆண்டுக்கு 20,000 வீதம் ஐந்து தவணை, வட்டி 12 சதவீதம். தவணை தவறிய அசலுக்கு மட்டும் 2 சதவீதம் அபராத வட்டி என்று கடன் பத்திரத்தில் இருக்கிறது. கொழுந்தனார் ஜாமீன். 2021 ஆகஸ்டில் முதல் தவணையை வட்டியோடு கட்டிவிட்டார். அதன்பிறகு ஒரு மாடு செத்துப்போக, கட்ட முடியவில்லை. பெயர் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் கையில் என்னென்ன இருக்க வேண்டும்

தீர்ப்பின் நகல் முழுதாக வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அதை வைத்து எழுதக்கூடாது. பக்கம் விட்டுப்போயிருந்தால் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் கடன் பத்திரத்தின் நகல், அவர் வீட்டில் இருக்கும் எல்லா ரசீதுகளும், சங்கம் அனுப்பிய நோட்டீஸ்கள். தீர்ப்பு வந்த தபால் உறையையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு, உத்தரவு அவருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும். தபால் முத்திரை அந்த நாளுக்குச் சாட்சி.

ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, தனித்தாளில் தேதி, தொகை, ரசீது எண் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

தீர்ப்பைக் கடைசியிலிருந்து படியுங்கள்

பெரும்பாலான தீர்ப்புகளின் அமைப்பு ஒன்றுதான். மேலே ஏ.ஆர்.சி. எண் என்கிற தாவா எண், தாவாதாரர் சங்கம், எதிர்வாதிகளின் பெயர். அடுத்து சங்கம் சொன்ன கதை. பிறகு நோட்டீஸ் சார்பு செய்த, அதாவது எதிர்வாதியிடம் சேர்ப்பித்த விவரம், யார் ஆஜரானார், யார் ஆகவில்லை. பிறகு சங்கம் தாக்கல் செய்த ஆவணங்கள். கடைசியில் உத்தரவு. உறுப்பினரைக் கட்டுப்படுத்துவது அந்தக் கடைசிப் பகுதிதான். சங்கம் கேட்டது வேறு, உத்தரவானது வேறு. சங்கத்தின் கதைப் பகுதியில் இருக்கும் தொகையை எடுத்துக்கொண்டு "இவ்வளவு கட்டச் சொல்லி தீர்ப்பு" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

அக்காவின் தீர்ப்பில் உத்தரவுப் பகுதி இப்படி இருக்கிறது:

"1 மற்றும் 2-ம் எதிர்வாதிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் தாவாதாரர் சங்கத்திற்கு ரூ.1,00,400-ம், அதில் அசல் தொகையான ரூ.80,000-க்கு 1-7-2023 முதல் வசூலாகும் நாள் வரை ஆண்டொன்றுக்கு 12 சதவீத வட்டியும், தாவா செலவுத்தொகை ரூ.850-ம் இத்தீர்ப்பு கிடைக்கப்பெற்ற 30 தினங்களுக்குள் செலுத்த வேண்டியது. தவறும்பட்சத்தில் சட்டப்படி நிறைவேற்று நடவடிக்கை மூலம் வசூலிக்கப்படும்."

இந்த ஒரே மூச்சு வாக்கியத்தைத் துண்டுதுண்டாக வெட்ட வேண்டும். யார் கட்டுவது, எவ்வளவு, எதன் மேல் வட்டி, எந்தத் தேதியிலிருந்து, என்ன வீதம், செலவு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்று ஏழு துண்டு. ஒவ்வொன்றையும் தீர்ப்பில் உள்ளபடியே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் உங்கள் கருத்தைச் சேர்க்கவே வேண்டாம்.

"கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆளுக்குப் பாதி என்றுதான் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. சங்கம் முழுத்தொகையையும் அக்காவிடம் கேட்கலாம், முழுத்தொகையையும் ஜாமீன் போட்ட கொழுந்தனாரிடமும் கேட்கலாம். மொத்தத்தில் ஒருமுறைதான் வசூலிக்க முடியும். ஜாமீன்தாரருக்குச் சம்பளமோ நிலமோ இருந்தால் சங்கம் முதலில் அவர் பக்கம் திரும்புவது இயல்பு. இதைச் சுருக்கத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டால், பிறகு குடும்பத்துக்குள் வருத்தம் வரும்.

இன்றைய தொகையைக் கணக்கிடுங்கள்

வட்டி எதன் மேல் ஓடுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். அக்காவின் தீர்ப்பில் மேல்வட்டி 80,000 ரூபாய் அசலுக்கு மட்டும். 1,00,400-க்கு அல்ல. அந்த 1,00,400-க்குள் 30-6-2023 வரையிலான வட்டியும் அபராத வட்டியும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. அதன் மேல் மறுபடி வட்டி போட்டால் வட்டிக்கு வட்டியாகிவிடும். உத்தரவு அதற்கு அனுமதிக்கவில்லை.

80,000-க்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,600, மாதத்துக்கு 800. சுருக்கத்தை 31-5-2025 தேதிக்கு எழுதுகிறோம் என்று வைத்தால், 1-7-2023 முதல் 23 மாதம். 800 பெருக்கல் 23, அது 18,400. ஆக 1,00,400-உம் 18,400-உம் செலவு 850-உம் சேர்ந்தால் 1,19,650 ரூபாய். தவறாக முழுத்தொகைக்கும் வட்டி போட்டால் மாதத்துக்கு 1,004 வந்து, 23 மாதத்துக்கு 23,092 ஆகும். வித்தியாசம் 4,692 ரூபாய். சங்கம் தரும் நிலுவைப் பட்டியலில் இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்க்க இதுவே வழி: அவர்கள் காட்டும் மேல்வட்டியை மாதங்களால் வகுங்கள். 800 வந்தால் சரி. 1,004 வந்தால் தப்பு.

ஒரு நாள் வட்டியையும் எழுதிவிடுங்கள். 9,600-ஐ 365-ஆல் வகுத்தால் சுமார் 26 ரூபாய் 30 காசு. "இன்னும் பத்து நாள் கழித்துக் கட்டினால் எவ்வளவு கூடும்" என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தீர்ப்பில் விட்டுப்போன ரசீதைத் தேடுங்கள்

இது எல்லாவற்றையும்விட முக்கியமான படி. சங்கத்தின் கணக்கு 30-6-2023-ல் நிற்கிறது. தாவா போட்டது ஜூலையில். தீர்ப்பு 22-4-2025-ல். நடுவே கிட்டத்தட்ட இரண்டு வருடம். அந்த இடைவெளியில் உறுப்பினர் ஏதாவது கட்டியிருந்தால், அது தாவா மனுவில் இருக்க வாய்ப்பே இல்லை. யாராவது ஆஜராகிச் சொல்லியிருந்தால்தான் தீர்ப்பில் ஏறியிருக்கும்.

அக்காவிடம் 15-11-2023 தேதியிட்ட 10,000 ரூபாய் ரசீது இருக்கிறது. தீர்ப்பில் அது இல்லை. இந்த மாதிரிப் பணத்தை, வழக்கு நடக்கிறது என்று சொல்லிச் சங்கத்தில் அனாமத்துக் கணக்கில் வைத்திருப்பார்கள், கடன் பேரேட்டில் வரவு வைக்காமல். செயலாளர் மாறிவிட்டால் அப்படி ஒரு பணம் இருப்பதே மறந்துபோகும். எனவே ரசீது நகலோடு சங்கத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும்: இந்தத் தொகை கடன் கணக்கில் எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது? பேரேட்டு நகல் கொடுங்கள்.

அந்தப் பத்தாயிரத்தை வட்டியில் கழித்தால் அசல் 80,000 அப்படியே இருக்கும், மாத வட்டியும் மாறாது. அப்படி வைத்துக்கொண்டால் 1,19,650-இல் 10,000 போக 1,09,650. சுருக்கத்தில் இரண்டு தொகையையும் எழுதுங்கள். ஒன்று தீர்ப்பின்படி, இன்னொன்று ரசீது ஏற்கப்பட்டால். ஒன்றை மட்டும் எழுதினால் சங்கத்தின் வாசலில் அவர் திகைத்து நிற்பார்.

அதேபோல் பங்குத்தொகை. உறுப்பினரின் பங்குப்பணம் சங்கத்தில்தான் இருக்கிறது, அதைக் கடனில் ஈடுகட்டவும் சங்கத்துக்கு உரிமை உண்டு. ஆனால் தீர்ப்பு சொல்லாவிட்டால் அது தானாகக் கழிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கில் சேர்க்காமல், கேட்க வேண்டியவற்றில் ஒரு வரியாக வையுங்கள்.

1,00,400 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

தீர்ப்பின் நடுப்பகுதியில் பிரிவு இருக்கும். அக்காவுக்கு: அசல் 80,000, வட்டி 17,600, அபராத வட்டி 2,800. கூட்டினால் சரியாக 1,00,400. முதலில் கூட்டல் சரியா என்று பாருங்கள். அடுத்து ஒவ்வொன்றையும் கடன் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

வட்டி 17,600-ஐ மாத வட்டி 800-ஆல் வகுத்தால் 22. அவர் கடைசியாகக் கட்டியது 2021 ஆகஸ்ட். செப்டம்பர் 2021 முதல் ஜூன் 2023 வரை 22 மாதம். வட்டி சரி.

அபராத வட்டிதான் இடிக்கிறது. 80,000-க்கு 2 சதவீதம் ஆண்டுக்கு 1,600. 2,800 என்றால் 21 மாதம். அதாவது சங்கம் 2021 அக்டோபரிலிருந்தே மொத்த அசலுக்கும் அபராத வட்டி போட்டிருக்கிறது. ஆனால் பத்திரத்தின்படி இரண்டாவது தவணையே 31-8-2022-ல்தான். அதற்கு முன்னால் எந்தத் தவணையும் தவறவில்லை. அந்த 20,000-க்கு 2022 செப்டம்பர் முதல் 2023 ஜூன் வரை பத்து மாதத்துக்கு 2 சதவீதம் என்றால் 333 ரூபாய்தான். கிட்டத்தட்ட 2,467 ரூபாய் கூடுதல். ஒரே ஒரு தவணைதான் தவறியிருக்கும்போது முழு 80,000-க்கும் தாவா போட்டிருக்கிறார்கள் என்பதும் இதிலேயே தெரிகிறது. தவணை தவறினால் முழுக்கடனையும் கேட்கலாம் என்ற ஷரத்து பத்திரத்தில் இருக்கிறதா, அப்படிக் கேட்டு நோட்டீஸ் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இதைச் சுருக்கத்தில் எப்படி எழுதுவது? "தீர்ப்பு தப்பு" என்று எழுதாதீர்கள். மேல்முறையீட்டில் மாற்றப்படும்வரை தீர்ப்புதான் செல்லும். 2,800-ஐக் கழித்து ஒரு தொகையும் சொல்லாதீர்கள். "வக்கீலிடம் கேட்க" என்று கடைசியில் தனிப்பகுதி வைத்து, இந்தக் கணக்கை மூன்று வரியில் அங்கே எழுதுங்கள். தீர்ப்பு சொல்வது ஒரு பக்கம், நாம் கவனித்தது இன்னொரு பக்கம். இரண்டும் கலந்துவிட்டால், அந்தத் தாளை நம்பி அவர் குறைவாகக் கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுவார். ஜப்தி நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும்.

ஆஜரான கதையை ஒரு வரியில் எழுதுங்கள்

"1-ம் எதிர்வாதிக்கு நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டும் ஆஜராகவில்லை" என்ற வரி பெரும்பாலான தீர்ப்புகளில் இருக்கும். அதாவது எக்ஸ்பார்ட்டி. அவர் தரப்பைக் கேட்காமலே சங்கத்தின் ஆவணங்களை வைத்து முடிவான தீர்ப்பு. நோட்டீஸ் எப்படிச் சார்பானது என்று தீர்ப்பில் சொல்லியிருப்பதைக் குறித்துக்கொண்டு, அதையே உறுப்பினரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போட்டது அவரா, வீட்டில் வேறு யாராவதா, அந்த விலாசத்தில் அப்போது குடியிருந்தாரா? அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வக்கீலுக்கு அது தேவைப்படும்.

அவர் கேட்கப்போகும் கேள்விகள்

பயம் எங்கே இருக்கிறதோ அங்கே சுருக்கம் பேச வேண்டும். "ஜெயிலுக்குப் போகணுமா?" இது கிரிமினல் வழக்கு அல்ல, பணம் வசூலுக்கான தீர்ப்பு என்று ஒரு வரி போதும். "வீட்டுக்கு வந்து மாட்டைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களா?" தீர்ப்பு வந்த உடனே அல்ல. சங்கம் நிறைவேற்று மனு போட வேண்டும், விற்பனை அலுவலர் முதலில் பணம் கட்டச் சொல்லிக் கேட்பு நோட்டீஸ் தர வேண்டும், அதன்பிறகுதான் ஜப்தியும் ஏலமும். அந்த நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி, அன்றைக்கே நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

"கவர்மெண்டு தள்ளுபடி பண்ணிட்டாங்களே, என் கடன் அதில வராதா?" 2021 பிப்ரவரியில் அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது 31-1-2021 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடனுக்கு. கறவை மாட்டுக்கான மத்திய காலக் கடன் அதில் வராது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், அந்த நம்பிக்கையிலேயே கெடு தாண்டிவிடும்.

மேல்முறையீடு அதே கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 152-வது பிரிவின்படி கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்கு. மாவட்ட நீதிபதிதான் அதன் பொறுப்பில் இருப்பவர், நம் பக்கத்துக்குப் பாளையங்கோட்டை. கெடு மாதக் கணக்கில்தான், வருடக் கணக்கில் அல்ல. அதனால் நகல் வந்த அதே வாரத்தில் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்முறையீடு போட்டுவிட்டால் வசூல் தானாக நின்றுவிடாது, தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அக்காவுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

கையில் கொடுக்கும் தாள்

இவ்வளவும் செய்தபின் எழுதும் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். அக்காவுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> அக்கா, உங்கள் மாட்டுக் கடன் தாவாவில் 22-4-2025-ல் தீர்ப்பாகியிருக்கிறது. நகல் உங்களுக்கு 12-5-2025-ல் வந்தது.
>
> தீர்ப்பின்படி 31-5-2025 அன்று கட்ட வேண்டியது 1,19,650 ரூபாய். (30-6-2023 வரை 1,00,400. அதன்பின் 23 மாத வட்டி 18,400. செலவு 850.) இனி மாதம் 800 ரூபாய், நாளுக்கு சுமார் 26 ரூபாய் 30 காசு கூடும்.
>
> நீங்கள் 15-11-2023-ல் கட்டிய 10,000 தீர்ப்பில் இல்லை. சங்கம் அதை வட்டியில் வரவு வைத்தால் கட்ட வேண்டியது 1,09,650.
>
> இந்தப் பணத்துக்கு நீங்களும் உங்கள் கொழுந்தனாரும் பொறுப்பு. முழுத்தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம்.
>
> 11-6-2025-க்குள் கட்டச் சொல்லியிருக்கிறது. கட்டாவிட்டால் சங்கம் வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். இது ஜெயில் வழக்கு அல்ல.
>
> நீங்கள் ஆஜராகாமல் தீர்ப்பானது. மேல்முறையீடு பாளையங்கோட்டையில். 12-5-2025-லிருந்து கெடு ஓடுகிறது. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். இலவச உதவி கிடைக்கும்.
>
> சங்கத்தில் எழுதிக் கேட்க வேண்டியது: 10,000 ரூபாய் வரவு, பேரேட்டு நகல், பங்குத்தொகை.
>
> வக்கீலிடம் கேட்க வேண்டியது: அபராத வட்டி 2,800 போட்டிருக்கிறது. பத்திரப்படி 333 வருகிறது. ஒரு தவணைதான் தவறியிருக்க முழுக்கடனையும் கேட்கலாமா? நோட்டீஸ் யார் வாங்கியது?

30 நாளை எண்ணும்போது நகல் வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுங்கள். 13 மே முதல் எண்ணினால் முப்பதாவது நாள் 11 ஜூன். "30 நாளுக்குள்" என்று மட்டும் எழுதாமல் தேதியாகவே எழுத வேண்டும்.

கொடுக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு "எவ்வளவு கட்டணும், எப்போ வக்கீலைப் பார்க்கணும்" என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள். கொழுந்தனாருக்கும் ஒரு நகல் கொடுங்கள், அவரும் எதிர்வாதிதான். தாளின் அடியில் எந்தத் தேதிக்கான கணக்கு என்று எழுதி, பணம் கட்டப்போகும் அன்று சங்கத்தில் அந்தத் தேதிக்கான நிலுவைப் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டச் சொல்லுங்கள். ரசீதில் ஏ.ஆர்.சி. எண்ணைப் போட்டு வாங்கினால் அந்தப் பணம் மறுபடி அனாமத்தில் போய் நிற்காது.